எட்டு பேட்டரியை வைத்து என்ன சொல்ல முடியும்?

“சின்ன எல்.இ.டி. விளக்குக்கு வாங்கும் ஏஏ பேட்டரி சராசரியாக 40 மணி நேரம் வரும் என்கிறார் சப்ளையர். எனக்குக் குறைவாகத்தான் வரும் என்று சந்தேகம். எட்டை ஓட்டிப் பார்த்தேன்: 38, 41, 36, 39, 37, 40, 35, 38. அவர் சொன்னது தவறு என்று சொல்லலாமா?”

சராசரி 38. இரண்டு மணி நேரம் குறைகிறது. அது பெரிய குறைவா என்பது பேட்டரிக்குப் பேட்டரி எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வோர் அளவிலும் 38-ஐக் கழித்து வர்க்கப்படுத்திக் கூட்டினால் 28 வரும். அதை 8-ஆல் வகுக்காமல் 7-ஆல் வகுங்கள். சராசரியையும் இதே எண்களிலிருந்துதானே எடுத்தோம், அதில் ஒன்று செலவாகிவிட்டது. விடை 4, அதன் வர்க்கமூலம் 2. இதுதான் திட்ட விலக்கம்.

இப்போது சப்ளையர் சொன்ன 40 சரி என்றே வைத்துக்கொண்டு, நம் குறைவு எட்டு பேட்டரியின் சராசரி தற்செயலாக மாறக்கூடிய அளவைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்குப் போடுவோம்; அந்த மடங்குதான் t:

```
t = (38 − 40) / (2 / √8) = −2 / 0.707 = −2.83
```

‘குறைவாக வருகிறதா’ என்று மட்டும் கேட்பதால் இது ஒருபக்கச் சோதனை. சந்தேகம் ஓட்டிப் பார்க்கும் முன்பே இருந்ததால்தான் இது செல்லும். எண்களைப் பார்த்த பிறகு பக்கம் தேர்ந்தெடுக்கக் கூடாது. டி அட்டவணையில் கட்டின்மைப் பாகை 7-க்கு, அதாவது மேலே வகுத்த அதே எண்ணுக்கு, 5 சதவீத அளவில் எல்லை −1.895. நம் விடை அதையும் தாண்டிக் கீழே போய்விட்டது. எக்செல்லில் `=T.DIST(-2.83,7,TRUE)` என்று கொடுத்தால் சுமார் 0.013 வரும். அதாவது உண்மைச் சராசரி 40 ஆகவே இருந்தால், இவ்வளவு குறைவான t நூற்றுக்கு ஒரு தடவைக்குச் சற்று மேல்தான் வரும். ஆக, 40 என்ற பேச்சை ஏற்க முடியாது.

இனி ஒரு வேடிக்கை. 35 வந்த பேட்டரி, பழுதால் 19 மணியிலேயே நின்றிருந்தால்? சராசரி 36-ஆக இறங்கும், உங்கள் புகார் இன்னும் வலுக்கும் என்று தோன்றும். ஆனால் திட்ட விலக்கம் 7.05-க்கு ஏறி, t வெறும் −1.60 ஆகிவிடும், எல்லையைத் தொடவே தொடாது. சின்ன மாதிரியில் ஒரே ஒரு கோணல் எண் இப்படிக் கெடுக்கும். அதனால் முதலில் எண்களை ஒரு கோட்டில் புள்ளியாக வைத்துப் பாருங்கள். ஒன்று தனியே கிடந்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். அதைச் சும்மா தூக்கிப் போடவும் கூடாது; இணைப்பு கழன்றதா, பேட்டரியே கெட்டதா என்று பாருங்கள்.

அப்புறம், எட்டும் ஒரே பாக்கெட்டில் எடுத்தவையா? அப்படியென்றால் இந்த முடிவு அந்தத் தொகுதிக்கு மட்டும்தான். வேறு வேறு நாளில் வந்த பெட்டிகளிலிருந்து ஒன்றிரண்டு எடுத்து, அதே விளக்கில், ஒவ்வொன்றும் 0.9 வோல்ட்டுக்கு இறங்கும்வரை ஓட்டிவிட்டு சப்ளையரிடம் பேசுங்கள்.