காலித் தெருவில் ஆட்களை வைப்பது: அளவும் அசைவும்

கேள்வி: “அதிகாலையில் எடுத்த காலித் தெருப் படத்தில் எங்கள் கட்டட வடிவமைப்பைப் போட்டோஷாப்பில் பொருத்திவிட்டேன். ஆட்களை ஒட்டினால் சிலர் ராட்சதர்களாகவும் சிலர் பொம்மைகளாகவும் தெரிகிறார்கள். மோஷன் பிளர் போட்டால் எல்லாரும் தரையில் மிதக்கிறார்கள். 60 பேரைச் சேர்த்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

பதில்: கொடுக்காதீர்கள். ஆள் போட்டுத் தருகிறேன் என்று தலையின் எண்ணிக்கைக்குக் காசு கேட்பவர்களில் பலர் செய்வது ஒரே வேலைதான். மனித உருவங்களை வைத்துச் செய்த பிரஷ்ஷை எடுத்து, Size Jitter-ஐக் கூட்டி, தெரு நெடுக ஒரு இழு இழுப்பார்கள். யார் பெரியவர், யார் சிறியவர் என்பதை அங்கே தூரம் முடிவு செய்வதில்லை, கணினி குத்துமதிப்பாக முடிவு செய்கிறது. அப்புறம் லேயர்களை எல்லாம் ஒன்றாக்கி ஒரு JPG கொடுத்துவிடுவார்கள். வாசலை மறைக்கும் ஒருவரை நகர்த்த வேண்டும் என்றால் மறுபடியும் காசு. உங்கள் படத்துக்கு 60 பேர் தேவையே இல்லை. சரியான இடத்தில் 15 பேர் நின்றால் போதும், அதை நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில் அடிவானக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். தெருவின் நீளத்துக்கு ஓடும் ஜன்னல் விளிம்புகள், பால்கனிக் கோடுகள் இரண்டு மூன்றை நீட்டுங்கள். அவை சந்திக்கும் புள்ளி வழியாகக் கிடையாக ஒரு கோடு போட்டால் அதுதான் அடிவானம். சமதளத் தெருவில் அந்தக் கோடு யார் மேல் விழுந்தாலும், தரையிலிருந்து கேமரா இருந்த உயரத்தில்தான் விழும். பக்கத்தில் நிற்பவருக்கும் தெருக்கோடியில் நிற்பவருக்கும் இது ஒன்றே.

கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் பாதம் அடிவானக் கோட்டுக்கு 600 பிக்சல் கீழே இருக்கிறது. அந்த 600 பிக்சல்தான் 1.5 மீட்டர். அப்படியானால் ஒரு மீட்டருக்கு 400 பிக்சல், 1.7 மீட்டர் ஆளுக்கு 680 பிக்சல். தள்ளி நிற்கும் இன்னொருவரின் பாதம் கோட்டுக்கு 150 பிக்சல்தான் கீழே என்றால் அங்கே மீட்டருக்கு 100 பிக்சல், ஆள் 170 பிக்சல். இருவருக்கும் அந்தக் கோடு கண்ணுக்குச் சற்றுக் கீழே, முகத்திலேயே போகும். யாராவது ஒருவருக்கு அது இடுப்பில் போனால் அவர்தான் ராட்சதர்.

ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட வேண்டாம். போட்டோஷாப்பில் முதல் ஆளைச் சரியாக வைத்து, அந்த லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். New Smart Object via Copy மூலம் நகல் எடுத்து Free Transform போடுங்கள்; சாதாரண நகலில் படத்தை மாற்றினால் எல்லா நகல்களும் மாறிவிடும். மேலே உள்ள பட்டையில் Reference Point-ஐ இயக்கி, அந்தப் புள்ளியை இழுத்து அடிவானக் கோட்டின் மேல் வையுங்கள். W, H கட்டங்களில் 50% என்று அடித்தால் ஆள் சிறுத்து, தானாகவே சரியான தூரத்துக்குப் போய் நிற்பார். பிறகு இடமோ வலமோ மட்டும் நகர்த்துங்கள். மேலும் கீழும் நகர்த்தினால் அளவு கெட்டுவிடும். இந்த நகலில் வேறு ஆளின் படத்தை வைக்கும்போது உயரம் மட்டும் அதே இருக்கட்டும்.

தெரு ஏற்றமாகவோ இறக்கமாகவோ இருந்தால் மேலே சொன்ன அளவுக் கணக்கு செல்லாது. இதைக் கவனிக்காமல் கெட்டுப்போகும் படங்கள் ஏராளம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஜன்னல் கோடுகள் சந்திக்கும் இடமும் சாலையின் இரு ஓரங்களும் சந்திக்கும் இடமும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாலை மேலே போய்ச் சந்தித்தால் தெரு ஏறுகிறது, கீழே சந்தித்தால் இறங்குகிறது. ஏறும் தெருவில் தூரத்து ஆட்களின் தலை கோட்டுக்கு மேலே போவதுதான் சரி. அங்கே கணக்குப்படி வைத்தால் அவர்கள் குள்ளமாகிவிடுவார்கள். இறங்கும் தெருவில் இதற்கு நேர்மாறு, தலைகள் கோட்டுக்குக் கீழே அமிழும். இப்படிப்பட்ட தெருவில் கதவுகளை நம்புங்கள். சாதாரணக் கதவு ஏறக்குறைய 2.1 மீட்டர் இருக்கும், அதற்கு நேராக நிற்கும் ஆள் அதில் ஐந்தில் நான்கு பங்கு. இரண்டு கதவுகளுக்கு இடையே நிற்பவருக்கு இரண்டுக்கும் நடுவான அளவை எடுங்கள். கதவு கடை முகப்பைப் போல வழக்கத்தைவிட உயரமாக இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு கதவைப் பாருங்கள்.

இனி பிளர். தெருவின் நீளத்தைப் பார்த்து எடுத்த படத்தில் பெரும்பாலானவர்கள் நம்மை நோக்கி வருவார்கள், அல்லது நம்மைவிட்டு விலகிப் போவார்கள். அவர்களுக்குப் பக்கவாட்டு அசைவு கிடையாது, ஆகவே பிளரும் வேண்டாம். தெருவைக் குறுக்கே கடப்பவர்களுக்கு மட்டும் போடுங்கள். எல்லார் மேலும் ஒரே பிளரைப் பூசியதுதான் நீங்கள் சொல்லும் மிதப்புக்குப் பாதிக் காரணம்.

பிளரின் அளவையும் கண்ணால் தேட வேண்டாம். நடப்பவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் போவார். கேமரா ஷட்டர் நொடியில் பத்தில் ஒரு பங்கு திறந்திருந்ததாக எடுத்துக்கொண்டால் அவர் நகர்வது 14 சென்டிமீட்டர். மேலே பார்த்த பக்கத்து ஆளுக்கு அது 56 பிக்சல், தூரத்து ஆளுக்கு 14 பிக்சல். Filter > Blur > Motion Blur போய், Distance-இல் அந்தந்த எண்ணைக் கொடுங்கள். அவர் குறுக்கே நேராகக் கடக்கிறார் என்றால் Angle 0.

மிதப்பதன் மறுபாதிக் காரணம் பாதம். நடக்கும்போது ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும், அந்த நேரத்தில் அது நகர்வதே இல்லை. அதனால் நிஜப் புகைப்படத்தில் உடல் மங்கினாலும் ஊன்றிய பாதம் துல்லியமாக இருக்கும், வீசும் கால்தான் அதிகம் கலையும். லேயர் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக இருப்பதால் ஃபில்டருக்கு ஒரு மாஸ்க் கிடைக்கும். அதில் மென்மையான கருப்புப் பிரஷ்ஷால் ஊன்றிய பாதத்தைத் தடவி, முழங்காலை நோக்கி மெல்ல மறையவிடுங்கள். ஷூவின் விளிம்பு தெளிவாக வந்ததும் அவர் தரையில் இறங்கிவிடுவார். வெயிலில் விழும் நீண்ட நிழலுக்கும் அந்த ஆளுக்குக் கொடுத்த அதே பிளர் வேண்டும், ஆனால் பாதத்தை ஒட்டிய அந்தச் சின்னக் கருமைக்கு வேண்டாம்.

இவ்வளவையும் கட்டடக்கலைக் கல்லூரியில் ஒரு மதிய வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் மதிப்பிட உட்காருபவர்கள் மட்டும் “தெருவில் உயிர் இல்லையே” என்பார்கள். அலுவலகங்களோ ஆட்களை வைக்கும் வேலையைக் கடைசி மாலை வரை தள்ளிப்போடும். தலைக்கு இவ்வளவு என்று கேட்கும் ஆட்களுக்கு இந்த அவசரம்தான் பிழைப்பு.

பின்னணி நீக்கி வெட்டிய ஆட்களின் படத் தொகுப்பு விற்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஆயிரக்கணக்கான உருவங்களைச் சொற்ப விலைக்கு, உரிமைச் சிக்கல் இல்லை என்று சொல்லி விற்பார்கள். அவற்றில் எத்தனையோ, யார் யாரோ இணையத்தில் போட்ட சொந்தப் படங்களிலிருந்து வெட்டியவை. வகுப்பறைச் சுவரில் யாரும் கேட்க மாட்டார்கள். அதே படம் ஒரு கட்டுமான நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்து, படத்தில் இருப்பவர் தன் முகத்தை அடையாளம் கண்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், விற்றவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும், படத்தில் இருப்பவர் ஒப்புதல் தந்திருக்கிறார் என்றும் எழுத்தில் இல்லாத தொகுப்பை வாங்காதீர்கள். அதைவிட, நண்பர்கள் நான்கு பேரை அதே வெயில் நேரத்தில், அதே கேமரா உயரத்தில், நடந்தபடியும் நின்றபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். உடை மாற்றி எடுத்தால் 15 உருவங்கள் சுலபமாகத் தேறும், வெளிச்சத்தின் திசையும் தெருவோடு ஒத்துப்போகும்.