அம்மாவுக்கு ஓர் உப்புக் கணக்கு

அன்புள்ள ஐயா,

அம்மா இங்கிலாந்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வயது 74, ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன் சாப்பிடுகிறார். உப்பைப் பற்றி ஓர் அமெரிக்க மருத்துவர் பேசிய 40 நிமிட வீடியோவை அவருக்காகத் தமிழில் ஒரு பக்கமாகச் சுருக்கினேன். வீடியோவும் தாளும் இணைப்பில். இன்னும் சிறிதாக்கலாமா? எழுத்தாக அனுப்பவா, குரல் பதிவாகவா?

எஸ்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள எஸ்.,

எழுத்தோ குரலோ, அம்மாவுக்கு எது தோதோ அது. உங்கள் மூன்றாவது வரிதான் என்னை நிறுத்தியது. ‘நாளைக்கு 2.3 கிராம் உப்புக்கு மேல் கூடாது.’ மருத்துவர் சொன்னது 2,300 மில்லிகிராம் சோடியம். உப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம், மிச்சம் குளோரைடு. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும்: 5.75 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நீங்கள் அளந்து கொடுத்திருப்பது அரை டீஸ்பூன்கூட இல்லை. வயதான மனுஷிக்குச் சோறு எப்படி இறங்கும்?

அமெரிக்கப் பாக்கெட்டில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். அண்ணன் வாங்கும் பாக்கெட்டில் உப்பாகவே, கிராமில் இருக்கும். ஆகவே சோடியக் கணக்கே அம்மாவின் தாளில் வேண்டாம். இங்கிலாந்தில் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளைக்கு 6 கிராம் உப்பு. 100 கிராம் பண்டத்தில் 1.5 கிராமுக்கு மேல் இருந்தால் அதிகம். இவ்வளவு போதும்.

அடுப்படிக் கணக்கை அண்ணியிடம் சொல்லுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. நீங்கள் பார்சல் கட்டும் மிளகாய்க் கொண்டாட்டமும் அப்பளமும் கடுமாங்காயும் இதில் சேராது. வீடியோவுக்கு முன்னால் பார்சலைச் சுருக்கியிருக்கலாம்! இந்துப்பும் உப்புதான், அந்த 6 கிராமுக்குள் வரவேண்டியது.

இனிதான் திட்டு. ‘சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் உப்பு நல்லது’ என்று முடித்துவிட்டீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று வீடியோ மருத்துவர் அடுத்த மூச்சிலேயே சொன்னாரே, அது எங்கே போயிற்று? லோசார்டன் அந்தச் சில மாத்திரைகளில் ஒன்று. பொட்டாசியம் சிறுநீரில் போவதை அது குறைக்கும். அதன்மேல் தினமும் பொட்டாசியம் குளோரைடையும் சோற்றில் போட்டால் ரத்தத்தில் அளவு ஏறும். தசை தளரலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். பல நேரம் வெளியே ஒன்றுமே தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் பிடிபடும். உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் இந்த மாற்று உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களை விலக்கித்தான் சொன்னது.

இடம் போதாவிட்டால் உப்பின் வரலாற்றுக்கு நீங்கள் கொடுத்த ஆறு வரியை வெட்டுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: “அம்மா, பொட்டாசியம் உப்பு, சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பது உனக்கு வேண்டாம். உன் மாத்திரையோடு அது ஆகாமல் போகலாம். டாக்டர் ரத்தம் பார்த்து, சரி என்று சொன்னால் மட்டும் வாங்கு.” தாளின் தலையில் மாத்திரையின் பெயரையும் தேதியையும் போடுங்கள். மாத்திரை மாறினால் இந்தத் தாள் செல்லாது, வேறு எழுத வேண்டும்.