டீ விலையை ஏற்றியது தப்பா?

"டீயை 12 ரூபாயிலிருந்து 15 ஆக்கினேன். தினமும் 400 போனது, இப்போது 340தான். ஒரு டீக்குப் பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்ந்து 7 ரூபாய். பழைய விலைக்கே போகட்டுமா?"

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். விலை 25 சதவீதம் ஏறியது, விற்பனை 15 சதவீதம்தான் இறங்கியது. 15ஐ 25ஆல் வகுத்தால் 0.6. இதைத்தான் விலை நெகிழ்ச்சி என்கிறார்கள். ஒன்றுக்கு நன்றாகக் கீழே இருந்தால், விலை ஏறியும் கல்லாவில் விழும் பணம் கூடும். உங்களுக்கு 4,800 ரூபாய் 5,100 ஆகியிருக்கிறது.

கையில் நிற்பதோ இன்னும் அதிகம். முன்பு டீக்கு 5 ரூபாய் வீதம் 2,000, இப்போது 8 வீதம் 2,720. விற்பனை 250 டீக்கு இறங்கினால்தான் பழைய லாபத்துக்கு வருவீர்கள்.

ஆனால் வராமல் போன 60 பேரும் டீயோடு ஒரு வடை கடிப்பவர்களா என்று பாருங்கள். வடைக்கு 4 ரூபாய் நின்றால், அங்கே 240 போச்சு. அப்புறம், முதல் வார எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். சிலர் கோபத்தில் விலகி, பழக்கத்தில் திரும்பி வருவார்கள். எதிர்க்கடையில் இன்னும் 12 ரூபாய் என்றால், மெதுவாக அங்கே நகர்பவர்களும் உண்டு. ஒரு மாதம் தினமும் காலி கிளாஸை எண்ணி எழுதுங்கள்.