மைக்கா நிறத்துக்கு ஓகே வரவில்லை, வேலையை ஆரம்பிக்கலாமா?

*கோவையில் சின்ன அளவில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு வீட்டுக்கு மாடுலர் கிச்சன். பாதி அட்வான்ஸ் வந்துவிட்டது. அளவு டிராயிங்கில் கையெழுத்துப் போட்டவர், மைக்கா நிறம் கேட்டு அனுப்பி 12 நாளாகியும் பதில் தரவில்லை. போன் எடுப்பதில்லை, ப்ளூ டிக் மட்டும் விழுகிறது. ஆசாரிக்கு வேறு வேலை வந்து நிற்கிறது. "பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்" என்று எழுதலாமா?*

அலமாரியின் பாக்ஸுக்கு எழுதலாம். அதன் கதவான ஷட்டருக்கு எழுதாதீர்கள்.

பாக்ஸின் அளவுக்கு அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். உள்ளே வரப்போவது வெள்ளை மைக்கா. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஷட்டர் அப்படியல்ல. பசை தடவி பிரஸ் பண்ணிய மைக்காவை உரித்தெடுக்க முடியாது, நிறம் பிடிக்காவிட்டால் பிளைவுட்டும் சேர்ந்து போகும். ஒருமுறை "பார்த்தாரே, சும்மா இருந்தாரே" என்று நான் ஷட்டரை ஒட்டிவிட்டேன். வீட்டம்மா வந்து பார்த்து, "இந்த நிறத்தை யார் கேட்டது?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை. மொத்த ஷட்டரும் என் கணக்கில்.

மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லும். ஒப்பந்தத்தில் பொதுவாகச் செல்லாது. "இத்தனை நாளில் பதில் இல்லையென்றால் ஒப்புதலாக எடுத்துக்கொள்வோம்" என்ற வரி உங்கள் கொட்டேஷனிலேயே இருந்து, அதில் அவர் கையெழுத்தும் இருந்தால் கதை வேறு. அப்படி இருந்தாலும் நிறத்துக்கு அதை நம்பி நான் இறங்கமாட்டேன். வழக்கில் ஜெயித்தாலும் கஸ்டமர் போய்விடுவார்.

பாக்ஸை ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். டிஷ்வாஷர், உள்ளே பொருத்தும் ஓவன் போன்றவை முடிவாகிவிட்டனவா? அவை பாக்கி என்றால் அந்தப் பக்கத்துப் பாக்ஸை விட்டுவிடுங்கள், அவற்றின் அகலம்தான் அந்த பாக்ஸின் அளவு. அடுத்தது, பாக்ஸின் முன் விளிம்பில் ஒட்டும் பட்டியும் வெளியே தெரியும் பக்கப் பலகையும். இவை ஷட்டர் நிறத்தில் வருவதானால் ஒட்டாமல் நிறுத்தி வையுங்கள்.

அப்புறம் செய்தி. புதன்கிழமையே அனுப்பிவிடுங்கள். சனி இரவு அனுப்பி திங்கள் காலை ரம்பம் ஓட்டினால் அது அறிவிப்பு ஆகாது. வாட்ஸ்அப், மின்னஞ்சல் இரண்டிலும் ஒரே வாசகம். வீட்டில் முடிவெடுக்கும் இன்னொருவர் நம்பரும் உங்களிடம் இருந்தால் அவருக்கும்:

"வணக்கம் சார். கிச்சன் மைக்காவுக்கு 3-ம் தேதி மூன்று மாதிரிகள் அனுப்பியிருந்தேன். நீங்கள் கையெழுத்திட்ட டிராயிங் அளவுப்படி, 20-ம் தேதி திங்கள் காலை 9 மணிக்குப் பலகை வெட்டி பாக்ஸ் வேலையை ஆரம்பிக்கிறோம். வெட்டிய பிறகு அளவு மாற்றினால் பலகைச் செலவு தனி. நிறுத்த வேண்டுமென்றால் ஞாயிறு மாலை 6 மணிக்குள் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். ஷட்டர் வேலை நீங்கள் நிறம் சொன்ன பிறகுதான். சொன்ன நாளிலிருந்து 15 நாளில் முடித்துத் தருகிறோம், முன்பு பேசிய தேதி அதற்கேற்பத் தள்ளும்."

"ஏன் சார் பதிலே இல்லை" என்பது இதில் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? பெரும்பாலும் மௌனத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்று: வீட்டில் நிறத்தில் ஒத்துப்போகவில்லை, அல்லது அடுத்த தவணைப் பணம் இன்னும் கையில் வரவில்லை. இரண்டையும் அவராக வாய்விட்டுச் சொல்லமாட்டார். குத்திக் கேட்டால் இன்னும் ஒதுங்குவார். "வேண்டாம்" என்ற ஒற்றை வார்த்தை அவருக்குச் சுலபம்.

ஞாயிறு காலை ஒரு வரி நினைவூட்டல் போதும். திங்கள் 9 மணிக்கு நிஜமாகவே வெட்டுங்கள். முதல் பலகை மேஜையில் ஏறியதும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அன்று ஆரம்பிக்காமல் விட்டால், அடுத்து நீங்கள் சொல்லும் தேதியை அவர் மதிக்கமாட்டார். 12 நாள் பேசாதவர் அந்தப் போட்டோவுக்கு ஐந்து நிமிஷத்தில் போன் செய்வதும் உண்டு.

பாக்ஸ் முடிந்தும் நிறம் வரவில்லையா? அங்கேயே நில்லுங்கள். ஆசாரியை மற்ற வேலைக்கு அனுப்பிவிட்டு, "ஆசாரி 27-ம் தேதி முதல் வேறு இடத்தில் இருக்கிறார், நிறம் வந்ததும் அடுத்துக் கிடைக்கும் தேதியைச் சொல்கிறேன்" என்று எழுதுங்கள். வேலைக்குத் தேவையானதை வேலை கொடுத்தவரே தராமல் விட்டால், அதனால் தடைப்படும் வேலைக்குச் செய்பவர் பொறுப்பல்ல என்று 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 67-வது பிரிவு சொல்கிறது. அதைச் செய்தியில் எழுதி மிரட்ட வேண்டாம். நாளைக்கு "லேட் பண்ணிட்டீங்க" என்று பணத்தைப் பிடித்தால், 3-ம் தேதி முதல் அனுப்பிய செய்திகளோடு சேர்த்து அப்போது எடுத்துக் காட்டலாம்.