நடுவில் நிற்கும் வங்கியின் கூலி

கேள்வி: கட்டணமெல்லாம் கட்டித்தான் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினேன். குறைவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மீதி எங்கே? SHA, OUR என்கிறார்களே, எதைப் போடுவது?

2024-ல் அண்ணன் மகன் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பினான். விசாவுக்காக, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்ட்டில் 11,904 யூரோ இருந்தாக வேண்டியிருந்தது. சரியாக அதையே அனுப்பினேன். சேர்ந்தது 11,884. இருபது யூரோ குறைகிறது என்று, பணம் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டிய கடிதத்தை அந்தக் கணக்குக்காரர்கள் தர மறுத்துவிட்டார்கள்.

வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட்டில் நம் வங்கி அனுப்புவது பணத்தை அல்ல, ஒரு செய்தியை. நம் வங்கி தன் யூரோவை ஐரோப்பாவில் ஏதாவது ஒரு பெரிய வங்கியில் கணக்குப் போட்டு வைத்திருக்கும். 'என் கணக்கிலிருந்து எடுத்து இன்னாருக்குக் கொடு' என்று அதற்குச் சொல்கிறது. அந்த நடு வங்கி சும்மா செய்யுமா? கூலியை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும்.

கழிக்கலாமா என்று சொன்னது அப்போதைய செய்தியில் இருந்த 71A என்ற கட்டம். SHA என்றால் பகிர்வு. பாதிப் பாதி என்று நினைத்துவிட வேண்டாம். நம் வங்கியின் கட்டணம் மட்டும் நம்முடையது, அதற்கு அப்புறம் வரும் வங்கிகளின் கூலியெல்லாம் போகிற பணத்திலிருந்தே கழியும். OUR என்றால் எல்லாம் அனுப்புபவர் பொறுப்பு. நம் வங்கி கூடுதலாக ஒரு தொகையை நம்மிடம் வாங்கிக்கொண்டு, நடு வங்கிக்குத் தனியாகக் கொடுக்கும். நான் விண்ணப்பத்தில் 'வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யாருடையது' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். கவுண்ட்டரில் SHA போட்டுவிட்டார்கள்.

அந்தச் செய்திக்கு MT103 என்று பெயர். யார் எடுத்தார்கள் என்று பார்க்க நம் வங்கி தந்த MT103 நகல் போதவில்லை, அது கழிவுக்கு முன்பே கிளம்பிய செய்தி. பெறும் வங்கிக்கு வந்து சேர்ந்த நகல் வேண்டியிருந்தது. எங்களுடையதில் இப்படி இருந்தது:

```
:32A:241014EUR11889,00
:33B:EUR11904,00
:71A:SHA
:71F:EUR15,00
```

33B நாம் சொன்ன தொகை, 32A கைமாறிய தொகை, 71F நடு வங்கியின் கழிவு. மிச்ச 5 யூரோ பெறும் வங்கியே எடுத்தது, அது இந்தச் செய்தியில் தெரியாது. இந்தச் செய்திக்கு இப்போது வந்திருக்கும் புது வடிவத்தில் SHA-வை SHAR என்றும் OUR-ஐ DEBT என்றும் எழுதுகிறார்கள்.

கல்விக் கட்டணம் மாதிரி முழுசாகச் சேர வேண்டிய பணத்துக்கு OUR போடுங்கள். ஆனால் டாலரில் OUR போட்டும் வழியில் கழிவதுண்டு. முழுத்தொகை சேரும் என்று உறுதி தருவார்களா என்று முன்பே கேளுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் கூட்டியே அனுப்புங்கள்.

குறைந்த 20 யூரோவை மட்டும் SHA-வில் அனுப்பப் போனேன். கவுண்ட்டர் அம்மா சிரித்துக்கொண்டே, "சார், அது அப்படியே கூலிக்குப் போயிடும்" என்றார். 50 அனுப்பினேன், 30 சேர்ந்தது.