வைப்புத் தொகைக்குப் பொறுப்பு யாருடையது? கொழிஞ்சாம்பாறை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐயா, நிலம் விற்ற 12 லட்சம் ரூபாயை மகள் கல்யாணத்துக்காக மூன்று வருடம் போட்டு வைக்க வேண்டும். சிறு நிதி வங்கியில் 8 சதவீதம் தருகிறார்கள். போடலாமா?

போடலாம், ஆனால் முழுத் தொகையையும் ஒருவர் பெயரில் போட வேண்டாம். சிறு நிதி வங்கிக்கும் பெரிய வங்கிக்கும், ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டிஐசிஜிசி தரும் வைப்புக் காப்பீடு ஒன்றே. ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளையும் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. வட்டியும் சேரும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். காலாண்டுக்கொரு முறை வட்டி சேரும் வைப்பில் 8 சதவீதத்துக்கு 5 லட்சம் போட்டால், மூன்றாண்டில் ஏறக்குறைய 6 லட்சத்து 34 ஆயிரமாகும். வரம்புக்கு மேற்பட்ட பகுதிக்குக் காப்பீடு இல்லை. ஆகவே உங்கள் பெயரில் 3 லட்சத்து 90 ஆயிரமும், மனைவி பெயரில் தனியாக அதே தொகையும் போடுங்கள். முதிர்வில் ஒவ்வொன்றும் 5 லட்சத்துக்குள் நிற்கும். மீதி 4 லட்சத்து 20 ஆயிரத்தைப் பெரிய வங்கியில் வையுங்கள். வட்டி குறைந்தாலும், கல்யாணச் செலவு முன்கூட்டியே வந்தால் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா வங்கிக்கும் ரிசர்வ் வங்கிதானே மேலே இருக்கிறது? எங்கள் ஊர் சர்வீஸ் கூட்டுறவு வங்கிக்கும் அந்த 5 லட்சம் உண்டுதானே, அண்ணா?

பாதி சரி. கேரள வங்கிக்கும், உரிமம் பெற்ற நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. சர்வீஸ் கூட்டுறவு வங்கி என்று பலகை வைத்திருப்பவை பெரும்பாலும் தொடக்க வேளாண் கடன் சங்கங்கள். அவற்றுக்கு ரிசர்வ் வங்கி உரிமமும் இல்லை, டிஐசிஜிசி காப்பீடும் இல்லை. மாநில அரசின் வைப்பு உத்தரவாத நிதி வேறோர் ஏற்பாடு. 2021இல் திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் சர்வீஸ் கூட்டுறவு வங்கியின் மோசடி வெளிவந்து வைப்பாளர்களின் பணம் முடங்கியதைப் பார்த்த பிறகும் இந்த வேறுபாட்டைக் கேட்டறியாமல் பணம் கட்டுவது எனக்கு வேதனை தருகிறது. பணத்தைக் கொடுக்கும் முன் "டிஐசிஜிசியில் பதிவு உண்டா" என்று கேளுங்கள்; அந்நிறுவனத்தின் www.dicgc.org.in தளத்தில் காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியலிலும் பெயரைத் தேடுங்கள்.

என் அப்பாவின் பணம் ஒரு சங்கத்தில் எட்டு மாதமாக நிற்கிறது. 90 நாளில் கிடைக்கும் என்று படித்தேனே?

அம்மா, அந்த 90 நாள் விதி, ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த, டிஐசிஜிசி காப்பீடு உள்ள வங்கிகளுக்கானது, சங்கத்துக்குப் பொருந்தாது. அப்பாவின் வைப்புச் சீட்டு நகலுடன் கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். எப்போது கைக்கு வரும் என்று என்னால் உறுதி சொல்ல இயலவில்லை.

நானும் மனைவியும் சேர்ந்து கூட்டுக் கணக்கில் போட்டால்?

காப்பீடு உள்ள வங்கியில் அதற்கு 5 லட்ச வரம்பு தனியாகக் கணக்கிடப்படும். பெயர் வரிசை மாறிய இன்னொரு கூட்டுக் கணக்கு இருந்தால் அதுவும் வேறாகும். ஆனால் படிவத்தில் வரிசை எழுத்துப் பிழையின்றி இருக்க வேண்டும், அதைக் கிளையிலேயே ஒருமுறை படித்துப் பாருங்கள்.