ஒற்றை பிளக் ஹெட்செட்டும் டெஸ்க்டாப்பும்

"போனில் பேசவும் கேட்கவும் முடிகிற ஹெட்செட், டெஸ்க்டாப்பில் செருகினால் மைக் மட்டும் வேலை செய்யவில்லை. எந்த அடாப்டர் வாங்குவது?"

ஹெட்செட் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை அதை நான்கு தொடர்புகளாகப் பிரிக்கின்றன: இடது ஒலி, வலது ஒலி, கிரவுண்ட், மைக். போன் துளையில் நான்கும் உண்டு. டெஸ்க்டாப்பின் பச்சைத் துளையில் மைக்குக்கு இடமே இல்லை. அதற்கு இளஞ்சிவப்புத் துளை தனி. அதனால்தான் பாட்டு கேட்கிறது, உங்கள் குரல் போகவில்லை.

வேண்டியது 3.5 மிமீ 'ஒய்' அடாப்டர்: ஒரு முனையில் நான்கு தொடர்புத் துளை, மறுமுனையில் இரண்டு பிளக்குகள். அந்தப் பிளக்குகள் ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்பு வளையங்களே இருக்கும். ஹெட்போன் படமிட்டதைப் பச்சையிலும், மைக் படமிட்டதை இளஞ்சிவப்பிலும் செருகுங்கள்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: ஒரு பிளக்கும் இரண்டு துளைகளும் உள்ளது, பெரும்பாலும் இருவர் சேர்ந்து பாட்டு கேட்பதற்கான ஸ்பிளிட்டர். அது இதற்கு உதவாது.